300 கோடி நிறுவனம் என்று எழுதினேன், கணக்கில் இருந்தது 5.8 கோடி

கோவையில் இருந்துகொண்டு தமிழ் வணிக இதழ்களுக்குக் கட்டுரை எழுதிச் சம்பாதிப்பவள் நான். பத்து ஆண்டுகளில் பிழை வராமல் இல்லை. ஆனால் 2022 நவம்பரில் எழுதிய ஒரு கட்டுரை, என் பெயரை நம்பிய சொந்தக்காரர் ஒருவருக்கே நாலு லட்சத்துக்கு மேல் நஷ்டத்தைக் கொண்டுவந்தது. எனக்கும் ஓர் இதழில் எழுதிவந்த தொடர் பத்தி போனது, வக்கீல் செலவு வந்தது, பல மாதம் தூக்கம் கெட்டது. ஒரு ஸ்டார்ட்அப்புக்கு முதலீடு வந்தது என்கிற செய்தியை எப்படிப் படிக்க வேண்டும், எங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவும் நடந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மளிகைக் கடைக்காரர்கள் ஆப் மூலம் மொத்த வியாபாரிகளிடம் சரக்கு வாங்க வழி செய்துகொடுக்கும் நிறுவனம். அரிசி, எண்ணெய், சோப்பு, பிஸ்கட் என எல்லாம் உண்டு. சரக்கு மொத்த வியாபாரியுடையது. கடைக்காரர் கொடுக்கும் பணமும் அவருக்கே போகும். நடுவில் நிறுவனம் 5 சதவீதம் கமிஷனும் கொஞ்சம் டெலிவரிக் கட்டணமும் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் குழப்பம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு பிரஸ் ரிலீஸ் வந்தது. மறுநாள் காலை பத்து மணி வரை வெளியிடக் கூடாது என்று குறிப்பு. அதில் மூன்று எண்கள் இருந்தன. 60 கோடி ரூபாய் நிதி திரட்டியிருக்கிறோம். நிறுவனத்தின் மதிப்பு 300 கோடி. ஆண்டுக்கு 144 கோடி வேகத்தில் வளர்கிறோம். நிறுவனரோடு இருபது நிமிடம் பேசினேன். சொந்த ஊர், முதல் கடைக்காரரைப் பிடித்த கதை என நன்றாகவே பேசினார். எண்களைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுதிய பிரஸ் ரிலீஸ் கையில் இருக்கும்போது அதைத் திருப்பிக் கேட்பது மரியாதைக்குறைவு போல அப்போது தோன்றியது. இரவோடு இரவாக எழுதி அனுப்பினேன். முதல் வரி இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது: “ஆண்டுக்கு 144 கோடி ரூபாய் வருவாய் ஈட்டும் கோவை நிறுவனம் 60 கோடி முதலீடு பெற்று, 300 கோடி ரூபாய் நிறுவனமாக உயர்ந்திருக்கிறது.” இந்த ஒரு வரியில் மூன்று தவறுகள். “வருவாய்” என்ற சொல் பிரஸ் ரிலீஸில்கூட இல்லை. “144 கோடி வேகம்” என்பதை வருவாய் என்று நானாக மாற்றிக்கொண்டேன்.

என் சித்தி மகன், எனக்கு அண்ணன் முறை, அட்டைப்பெட்டி செய்கிறார். மூன்று மெஷின், பதினொரு ஆட்கள். அந்த நிறுவனத்துக்கு டெலிவரி பெட்டிகளை ஏற்கெனவே கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், முப்பது நாளில் பணம் வந்துவிடும். டிசம்பரில் அவர்கள் ஆர்டரை மூன்று மடங்காக்கி, தொண்ணூறு நாள் கடன் கேட்டார்கள். அண்ணனுக்குத் தயக்கம். ஆனால் என் கட்டுரையைப் படித்திருந்தார். போனில் அவர் சொன்னது: “முந்நூறு கோடி கம்பெனின்னு நீயே எழுதியிருக்கே அம்மிணி. எனக்கு ஏழு லட்சம் குடுக்க மாட்டாங்களா?” நான் யோசிக்கவே இல்லை, “தாராளமா குடுங்கண்ணா” என்றேன்.

2023 ஜூலையில் பணம் நின்றது. பாக்கி 7.4 லட்சம். கெஞ்சிக் கேட்டு, நேரில் போய் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் 3.1 லட்சம் வாங்கினார். மீதி 4.3 லட்சம் வரவில்லை. 2024 தொடக்கத்தில் ஆப்பே நின்றுவிட்டது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. “முந்நூறு கோடி எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்துக்குப் போனேன்.

இந்தியாவில் பதிவான எந்தத் தனியார் நிறுவனமும் தன் கணக்கையும் பங்கு ஒதுக்கீட்டையும் இந்தத் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களோ நானோ கணக்குத் தொடங்கி, ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டினால், View Public Documents என்ற பகுதியில் அந்த ஆவணங்களைப் பார்க்கலாம். பணம் கட்டிய பிறகு பார்ப்பதற்கு நேர வரம்பு உண்டு, அதனால் திறந்தவுடன் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட வேண்டும். நான் தேடிய நிறுவனத்துக்கு எழுபதுக்கு மேல் ஆவணங்கள் இருந்தன. எனக்குத் தேவைப்பட்டவை ஐந்தே ஐந்து.

முதலாவது PAS-3. புதிதாகப் பங்கு ஒதுக்கினால் தாக்கல் செய்யும் படிவம் இது. தனிப்பட்ட முறையில் முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கினால் பதினைந்து நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எத்தனை பங்கு, ஒரு பங்கு என்ன விலை, யாருக்கு என்று எல்லாம் அதிலும் அதன் இணைப்பிலும் இருக்கும். அந்த நிறுவனம் 12,000 முன்னுரிமைப் பங்குகளை, ஒன்று 15,000 ரூபாய்க்கு ஒதுக்கியிருந்தது. முகமதிப்பு 10 ரூபாய், மீதி 14,990 பிரீமியம். பெருக்கிப் பார்த்தால் 18 கோடி. அறிவித்தது 60 கோடி, பங்கு மூலம் உள்ளே வந்தது 18 கோடி. ஒதுக்கீடு நடந்தது செப்டம்பரில். அதாவது, நவம்பரில் நான் கட்டுரை எழுதிய இரவில் இந்தப் படிவம் தளத்தில் இருந்தது. 100 ரூபாய் கட்டி அரை மணி நேரம் செலவழித்திருந்தால் என் முதல் வரியே மாறியிருக்கும். அந்தத் தேதியைப் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

(இங்கே ஒரு தடுமாற்றம் வரும். தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடியதுமே “செலுத்தப்பட்ட மூலதனம்” என்று ஒரு சின்னத் தொகை தெரியும். அது முகமதிப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. இந்த 18 கோடியில் அதில் சேர்ந்தது 1.2 லட்சம்தான். அதைப் பார்த்துவிட்டு, பணமே வரவில்லை, எல்லாம் பொய் என்று எழுதிவிடக் கூடாது. பிரீமியம் வேறு தலைப்பில் இருக்கும்.)

மீதி 42 கோடி எங்கே? 12 கோடி கடன். முதலீடே அல்ல, வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். நிறுவனத்தின் சொத்து மேல் அடமானம் பதிவாகியிருந்தால், அதே தளத்தில் Index of Charges என்ற பட்டியலில் தெரியும். அங்கே 12 கோடிக்கு ஒரு பதிவு இருந்தது. CHG-1 படிவத்தைத் திறந்து எதை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். நடப்புச் சொத்துகள் அனைத்தும், வர வேண்டிய பாக்கிகள் உட்பட. இது என் கட்டுரையைத் தாண்டி அண்ணனைத் தொட்ட விஷயம். பணத் தட்டுப்பாடு வந்தால் கையில் இருக்கும் காசு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றின் மேலும் முதல் உரிமை கடன் கொடுத்தவருக்கு. அட்டைப்பெட்டி கொடுத்தவர் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். “60 கோடி முதலீடு” என்று நான் எழுதியதில் 12 கோடி, அண்ணனின் நிலையை இன்னும் பலவீனமாக்கிய பணம்.

கடைசி 30 கோடி வரவே இல்லை. பல முதலீடுகள் ஒரே தவணையில் வருவதில்லை. முதல் தவணை கைக்கு வரும், அடுத்தது ஒரு இலக்கை எட்டினால் வரும். இந்த நிறுவனத்துக்கு இலக்கு, 2023 ஜூனுக்குள் மாதம் 20 கோடி ரூபாய் சரக்கு ஆப் வழியே கைமாற வேண்டும் என்பது. எட்டவில்லை, பணமும் வரவில்லை. இந்த நிபந்தனை முதலீட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் பொதுவில் கிடைக்காது. அங்கே வேலை பார்த்த இருவர் தனித்தனியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் நிபந்தனை என்னவென்று தெரியாவிட்டாலும், “60 கோடியில் இன்று வங்கிக் கணக்கில் வந்திருப்பது எவ்வளவு?” என்று கேட்டிருந்தாலே போதும். ஒரு எண் சொல்லியிருப்பார்கள், அல்லது மழுப்பியிருப்பார்கள். மழுப்பியதையும் கட்டுரையில் எழுதலாம்.

அறிவித்த பணம் வராமல் போவது சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. பைஜூஸ் 2022 மார்ச்சில் 80 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தது, மதிப்பு 2,200 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அதில் ஒரு பகுதி மாதங்கள் கடந்தும் வந்து சேரவில்லை என்பது பிறகு வெளியானது. 2021 மார்ச்சோடு முடிந்த ஆண்டின் கணக்கை அவர்கள் வெளியிட்டது 2022 செப்டம்பரில்தான், பதினெட்டு மாதம் கழித்து. மொத்த வருவாய் 2,428 கோடி ரூபாய், நஷ்டம் 4,588 கோடி. கணக்கு வருவதற்கு முன்பே அந்த மதிப்பு எத்தனை தலைப்புகளில் வந்துவிட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 300 கோடிக்கு வருகிறேன். எனக்கு இங்கேதான் பெரிய ஆச்சரியம். அது பொய்யாக இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்டச் சரியாக வந்தது! MGT-7 அல்லது, சிறு நிறுவனம் என்றால், MGT-7A என்ற ஆண்டு அறிக்கையில் பங்குதாரர் விவரம் இருக்கும். நிறுவனர்கள் கையில் 1,20,000 பங்கு. முதலில் பணம் போட்டவர்களிடம் 30,000. ஊழியர்களுக்கென்று ஒதுக்கி வைத்தது 18,000, இது பங்குதாரர் தீர்மானத்தின் இணைப்பில் கிடைத்தது. ஆக 1,68,000. புதிதாக வந்த 12,000 சேர்த்தால் 1,80,000. ஒரு பங்கு 15,000 ரூபாய் என்றால் 270 கோடி. வராத 30 கோடிக்கு அதே விலையில் 20,000 பங்கு போகும் என்று அதையும் கூட்டினால் 2,00,000 பங்கு, 300 கோடி. பிரஸ் ரிலீஸ் எண் அப்படித்தான் வந்திருக்கிறது. வராத பணத்தையும் சேர்த்த 300, வந்த பணத்தை மட்டும் வைத்தால் 270.

ஆக எண்ணில் பெரிய குற்றமில்லை. குற்றம் அந்த எண்ணை நான் புரிந்துகொண்ட விதத்தில். கடைசியாக விற்ற 12,000 பங்கின் விலையை எடுத்து, விற்காத 1,68,000 பங்குக்கும் அதுவே விலை என்று பெருக்கியதுதான் மதிப்பு. ஒரு ஊரில் ஒரு சென்ட் நிலம் அதிக விலைக்குப் போனால், ஊர் முழுக்க அந்த விலைதான் என்று பெருக்குவது போல. அதைவிடவும் ஒரு படி மேலே, ஏனென்றால் விற்ற சென்ட்டும் விற்காத சென்ட்டும் ஒரே மாதிரி நிலம் இல்லை. புதிய பங்குகளுக்குத் தனிச் சலுகை உண்டு. நிறுவனத்தின் சங்க விதிகளை, அதாவது பங்குதாரர் உரிமைகளைச் சொல்லும் உள்விதிகளை, திருத்தினால் MGT-14 படிவத்தோடு அதையும் தாக்கல் செய்வார்கள், அதில் இதைப் படித்தேன். நிறுவனத்தை விற்றாலோ மூடினாலோ, புதிய முதலீட்டாளர்கள் தாங்கள் போட்ட 18 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மீதிதான் மற்றவர்களுக்கு. கீழே விழுந்தால் பாதுகாப்பு உண்டு என்பதால்தான் அவர்கள் 15,000 கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத நிறுவனர் பங்கை அதே விலைக்கு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அண்ணனின் கேள்விக்குப் பதில் இதுதான். 300 கோடி எங்கேயும் போகவில்லை, அது ஒருபோதும் நிறுவனத்திடம் இருக்கவே இல்லை. இருந்தது 18 கோடியும் 12 கோடிக் கடனும். அதுவும் சம்பளத்திலும் தள்ளுபடியிலும் மாதாமாதம் கரைந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது ஆவணம் AOC-4. நிதிநிலை அறிக்கை. மார்ச்சில் ஆண்டு முடிந்தால் செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்குழு, அதிலிருந்து முப்பது நாளில் இதைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இந்த நிறுவனம் 2022 மார்ச் கணக்கைத் தாமதமாக 2023 ஜனவரியில்தான் போட்டது. நான் எழுதிய நவம்பரில் தளத்தில் இருந்தது 2021 மார்ச் கணக்கு மட்டும். அதில் வருவாய் 2.9 கோடி. ஜனவரியில் வந்த கணக்கில் 5.8 கோடி. கமிஷன் 4.2, டெலிவரிக் கட்டணம் 1.6. நஷ்டம் 9 கோடி.

144 கோடி எங்கிருந்து வந்தது? 2022 அக்டோபரில், தீபாவளி மாதத்தில், ஆப் வழியே கைமாறிய சரக்கின் மொத்த விலை 12 கோடி. அதைப் பன்னிரண்டால் பெருக்கினார்கள். இதில் இரண்டு தாவல்கள் இருக்கின்றன. கைமாறிய சரக்கின் விலை நிறுவனத்தின் வருவாய் அல்ல, நூறு ரூபாய்ச் சரக்கில் 95 ரூபாய் மொத்த வியாபாரிக்குப் போகிறது. பிறகு, தீபாவளி மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு முழுக்கத் தீபாவளி என்று அர்த்தம்.

நியாயமாகவும் இருக்க வேண்டும். 144ஐ 5.8 கோடியோடு ஒப்பிடுவது சரியல்ல, அது பழைய ஆண்டு. நிறுவனம் வளர்ந்திருக்கலாம். அதனால் அதே அக்டோபரை எடுத்துக்கொண்டேன். 12 கோடியில் 5 சதவீதம் 60 லட்சம், டெலிவரிக் கட்டணம் 20 லட்சம் என்று வைத்தால் 80 லட்சம். அதையும் அவர்கள் வழியிலேயே பன்னிரண்டால் பெருக்கினால் 9.6 கோடி. மிகத் தாராளமாகப் போட்டாலும் அவ்வளவுதான். பின்னால் வந்த 2023 மார்ச் கணக்கில் உண்மையான வருவாய் 7.1 கோடி.

இந்த ஒரு விஷயத்தில் எழுதுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய எதிர்ப்பக்கமும் உண்டு. இதே தொழிலை வேறு மாதிரி நடத்தும் நிறுவனங்கள், சரக்கைத் தாங்களே வாங்கித் தாங்களே விற்கும். அப்போது 12 கோடி விற்றால் கணக்கிலும் 12 கோடி வருவாய் என்றே வரும், அது சரியான கணக்குதான். சரக்கு கெட்டால், விற்காமல் தேங்கினால் நஷ்டம் யாருக்கு என்பதையும் முக்கியமாகப் பார்த்துத்தான் கணக்குத் தரநிலை இதை முடிவு செய்கிறது. எனவே பெரிய வருவாயைப் பார்த்ததும் மோசடி என்று பாயாமல், செலவுப் பக்கத்தில் “விற்பனைக்கு வாங்கிய சரக்கு” என்ற வரியைப் பாருங்கள். வருவாய் 100, சரக்கு வாங்கியது 96 என்றால், இரண்டு நிறுவனங்களுக்கும் கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பிட வேண்டியது அந்த மிச்சத்தை. அதேபோல “செயல்பாட்டு வருவாய்” என்ற வரியை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே “இதர வருவாய்” என்று ஒன்று வரும், முதலீட்டாளர் பணத்தை வைப்பில் போட்டு வந்த வட்டி பெரும்பாலும் அங்கே இருக்கும். இந்த நிறுவனத்தின் 2022 மார்ச் கணக்கில் அது 70 லட்சம். “மொத்த வருவாய் 6.5 கோடி” என்று எழுதினால் வட்டியையும் வியாபாரம் என்று சொன்னதாகிவிடும்.

இதையெல்லாம் வைத்துத் திருத்தக் கட்டுரை எழுதினேன். என் பழைய கட்டுரையில் இருந்த தவறு முதல் பத்தியிலேயே. இதழ் ஆசிரியர் வெளியிட்டார், ஆனால் எனக்கு மாதம் 6,000 ரூபாய் தந்துகொண்டிருந்த பத்தியை அதோடு நிறுத்திவிட்டார். பத்து நாளில் நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவதூறு, எழுத்து மூலம் மன்னிப்பு வேண்டும் என்று. அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் வெளியூரில், யாரிடமும் சொல்லவும் இல்லை. தெரிந்த வக்கீலிடம் 12,000 ரூபாய் கொடுத்துப் பதில் அனுப்பினேன். என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு படிவத்தையும் இறக்கிய தேதியோடு வைத்திருந்தேன். வெளியிடுவதற்கு ஐந்து நாள் முன்பே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வராததையும் பதிவு செய்திருந்தேன். கட்டுரையில் “ஏமாற்றினார்கள்” என்ற சொல்லே இல்லை, எண்ணும் அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதும் மட்டும்தான். ஒப்பந்த நிபந்தனையை மட்டும் “நிறுவனத்தில் பணியாற்றிய இருவர் தெரிவித்தனர்” என்று எழுதியிருந்தேன். பதிலுக்குப் பிறகு அவர்கள் தரப்பிலிருந்து எதுவும் வரவில்லை.

அண்ணனுக்குத் தாமதமாகத் தெரியவந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள சிறுதொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க, ஒப்பந்தம் போட்டிருந்தாலும் சட்டம் இடம் தருவதில்லை. அப்போது சமாதான் என்ற அரசுத் தளத்தில் புகார் கொடுக்க வழி இருந்தது. கொடுத்தார், ஆனால் அதற்குள் நிறுவனத்தில் எடுக்க ஒன்றும் இல்லை.

இன்று ஒரு பிரஸ் ரிலீஸ் வந்தால் நான் ஐந்து கேள்விகளைத் திருப்பி அனுப்புகிறேன். இன்று வரை கணக்கில் வந்த தொகை எவ்வளவு? அதில் கடன் எவ்வளவு? பழைய பங்குதாரர் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது எவ்வளவு? (அந்தப் பணம் நிறுவனத்துக்குள் வராது, ஆனால் மொத்தத் தொகையில் சேர்த்தே சொல்வார்கள்.) சொல்லும் வளர்ச்சி எண், கணக்கில் எந்த வரி, எந்த மாதங்கள்? தணிக்கை செய்த கடைசி ஆண்டின் செயல்பாட்டு வருவாய் என்ன? காலை பத்து மணிக்குள் பதில் வராது. அப்போது நான் காத்திருக்கிறேன், இல்லாவிட்டால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. தாய் நிறுவனம் சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவரிலோ பதிவாகியிருந்தால், முதலீடு அங்கே போகும். இங்கே தெரிவது இந்தியக் கிளையின் கணக்கு மட்டும், அதை முழு நிறுவனத்தின் கணக்காக எழுதிவிடக் கூடாது. ஊழியர்களுக்கு ஒதுக்கிய பங்கு எண்ணிக்கை எப்போதும் கிடைக்காது, அப்போது மதிப்பை ஒரே எண்ணாகச் சொல்லாமல் “சுமார்” என்று வரம்பாகச் சொல்ல வேண்டும். தாக்கல் செய்த கணக்கு எப்போதும் பழையது, ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதினால் அது வளரும் நிறுவனத்துக்கு அநியாயம்.

அந்தப் பழைய கட்டுரையின் முதல் பத்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன். “மளிகைக் கடைகளுக்குச் சரக்கு வாங்கித் தரும் கோவை நிறுவனம், 60 கோடி ரூபாய் திரட்டுவதாக அறிவித்துள்ளது. அரசுப் பதிவுகளின்படி செப்டம்பரில் 18 கோடிக்குப் பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது, 12 கோடிக்குக் கடன் அடமானம் பதிவாகியுள்ளது. மீதித் தொகை எப்போது வரும் என்ற கேள்விக்கு நிறுவனம் பதிலளிக்கவில்லை. நிறுவனம் தன் மதிப்பை 300 கோடி என்கிறது, ஒதுக்கிய பங்கு விலைப்படி கணக்கிட்டால் 270 கோடி வருகிறது. அக்டோபரில் ஆப் வழியே 12 கோடி ரூபாய் சரக்கு கைமாறியதாக நிறுவனம் சொல்கிறது. இதில் அதற்குக் கிடைப்பது 5 சதவீதக் கமிஷனும் டெலிவரிக் கட்டணமும். கடைசியாகத் தாக்கல் செய்த 2021 மார்ச் கணக்கில் செயல்பாட்டு வருவாய் 2.9 கோடி.”

அண்ணன் மறுபடி பெட்டி போடுகிறார், மெஷின் இரண்டாகக் குறைந்துவிட்டது. புது ஆர்டர் வந்தால் எனக்குப் போன் செய்கிறார். போன வாரம்கூட ஒன்று வந்தது. “எத்தனை கோடி கம்பெனி” என்று இப்போது கேட்பதில்லை. “போன வருசக் கணக்குப் போட்டுட்டாங்களா அம்மிணி? பொருள் மேல யாராச்சும் கடன் குடுத்திருக்காங்களா?” என்று கேட்டார். லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, தளத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஆண்டுக் கணக்கு வரவில்லை. சொன்னேன். சரி, முன்பணம் கேட்கிறேன் என்று வைத்துவிட்டார்.